கார்ட்டில் போட்டுவிட்டுப் போனவர்களுக்கு விளம்பரம்: எத்தனை தடவை, எவ்வளவு பட்ஜெட்?

கேள்வி: சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் எங்களுக்கு ஃபர்னிச்சர் ஷோரூம், கூடவே ஆன்லைன் ஸ்டோரும் இருக்கிறது. மாதம் சுமார் 600 பேர் சோஃபா, கட்டில் எல்லாம் கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போய்விடுகிறார்கள். அவர்களை 45 நாள் லிஸ்ட்டில் வைத்து மெட்டாவில் தினம் 40 வெள்ளிக்கு விளம்பரம் ஓட்டுகிறோம். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 18 வெள்ளி ஆகிறது, ஒருவருக்குச் சராசரியாக எத்தனை தடவை காட்டியது என்று சொல்லும் Frequency, 7 நாளுக்கு 25 என்று காட்டுகிறது. "சோஃபா வாங்கி வீட்டில் போட்டாச்சு, இன்னும் உங்க விளம்பரம் துரத்துது" என்று ஒரு வாடிக்கையாளர் கோபப்பட்டார். ஒருவருக்கு எத்தனை தடவை காட்டலாம், பட்ஜெட் எவ்வளவு வைக்கலாம்?

பதில்:

உங்கள் அளவு லிஸ்ட்டுக்கு மெட்டாவில் தினம் 7 வெள்ளி போதும். கூகுளையும் சேர்த்தால் தினம் 10 வெள்ளி. இப்போது கொடுப்பதில் பெரும்பகுதி ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டத்தான் போகிறது. எப்படி இந்த எண்ணுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். கணக்கு தெரிந்தால் அடுத்த மாதம் கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் லிஸ்ட்டில் உண்மையில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். சின்ன லிஸ்ட் என்றால் மெட்டா சரியான எண்ணைக் காட்டாது, ஆயிரத்துக்குக் கீழே என்று நிறுத்திவிடும். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 40 வெள்ளிக்கு, ஆயிரத்துக்கு 18 என்ற விலையில், ஒரு நாளைக்கு 2,222 இம்ப்ரெஷன். ஏழு நாளைக்கு 15,555. அதை Frequency 25-ஆல் வகுத்தால் சுமார் 620 பேர். அந்த வாரத்தில் உங்கள் விளம்பரம் போய்ச் சேர்ந்த மொத்த ஆட்கள் இவ்வளவுதான். இதில் அந்த வாரம் புதிதாக உள்ளே வந்தவர்களைக் கழித்தால், எந்த ஒரு நாளிலும் லிஸ்ட்டில் இருப்பது சுமார் 540 பேர்.

மாதம் 600 பேர் என்றால் ஒரு நாளைக்கு 20 பேர், 45 நாளில் 900 பேர் சேர்ந்திருக்க வேண்டும். அதில் 540 பேரைத்தான் மெட்டா அடையாளம் கண்டிருக்கிறது, அதாவது பத்தில் ஆறு பேர். இது மோசமில்லை. ஐஃபோனில் டிராக்கிங் அனுமதி மறுப்பவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள், அலுவலகக் கணினியில் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் நழுவிவிடுவார்கள். இணையதளத்தில் இருக்கும் மெட்டாவின் கண்காணிப்பு நிரலான பிக்சலோடு கன்வர்ஷன்ஸ் ஏபிஐயையும் இணைத்து, கார்ட்டில் மின்னஞ்சல் கொடுத்தவர்களின் தகவலை சர்வரிலிருந்து அனுப்பினால் கொஞ்சம் கூடும். அப்படி இணைத்தால் இரண்டு வழியிலும் வரும் ஒரே நிகழ்வுக்கு ஒரே event_id கொடுக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு ஆர்டர் இரண்டாகக் கணக்காகும்.

சரி, 540 பேர். இவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. நேற்று கார்ட்டில் போட்டவர் இன்னும் அந்த சோஃபாவை மனதில் வைத்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு முன் போட்டவர் வேறு கடையில் வாங்கியிருக்கலாம், அல்லது வீட்டுச் சாவிக்காகக் காத்திருக்கலாம். அதனால் இரண்டு குழு வையுங்கள்: முதல் 7 நாள், அப்புறம் 8 முதல் 45 நாள் வரை. மூன்று நான்காகப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. பெரிய கடைகளுக்கு அது சரி. உங்கள் இடத்தில் முதல் 3 நாளை மட்டும் தனியாக எடுத்தால் 36 பேர்தான் தேறுவார்கள். அதில் எந்தப் படம் நன்றாக ஓடியது என்றுகூடப் பார்க்க முடியாது.

இரண்டாவது குழுவை அமைக்கும்போது முதல் குழுவை அதிலிருந்து கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வந்தவர் இரண்டிலும் இருப்பார், இரண்டு பக்கமிருந்தும் விளம்பரம் வரும். இன்னொன்று, நாள் கணக்கு கடைசியாக கார்ட்டில் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். 40-ஆம் நாள் வந்து திரும்ப ஒரு நாற்காலியைச் சேர்த்தால் அவர் மறுபடி முதல் குழுவுக்கு வந்துவிடுவார். அது நமக்கு நல்லதுதான், ஆர்வம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது எத்தனை தடவை என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் குழுவுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு, சராசரி 1.5. இரண்டாவது குழுவுக்கு வாரத்துக்கு 3. இதற்கு உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது, இது என் அனுபவக் கணிப்பு. சோஃபா வாங்குவதை நம் ஊரில் யாரும் தனியாக முடிவு செய்வதில்லை. கணவன், மனைவி, சில வீடுகளில் மாமியார் வரைக்கும் பார்க்க வேண்டும், ஹாலை அளக்க வேண்டும், நேரில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும். ஒரு நாளைக்கு பத்து தடவை காட்டினாலும் சனிக்கிழமை முன்கூட்டி வந்துவிடாது. அந்த வார இறுதி வரைக்கும் உங்கள் கடை ஞாபகத்தில் இருந்தால் போதும்.

பட்ஜெட் இதிலிருந்து தானாக வருகிறது:

```
தினப் பட்ஜெட் = ஆட்கள் × ஒரு நாள் தடவை × ஆயிரத்துக்கான விலை ÷ 1000
```

முதல் குழுவில் ஒரு நாளைக்கு 12 பேர் வீதம் 7 நாளுக்கு 84 பேர். 84 × 1.5 × 18 ÷ 1000 = 2.27 வெள்ளி. இரண்டாவது குழுவில் 456 பேர், வாரம் 3 தடவை என்றால் ஒரு நாளைக்கு சுமார் 195 இம்ப்ரெஷன், அதாவது 3.52 வெள்ளி. கொஞ்சம் தாராளமாக முதல் குழுவுக்கு 3, இரண்டாவதுக்கு 4 என்று வைத்தால் தினம் 7, மாதம் 210 வெள்ளி. இப்போது போவது 1,200.

பட்ஜெட்டைக் குறைத்தவுடன் திரையில் Learning limited என்று ஒரு எச்சரிக்கை வரும், பட்ஜெட்டை ஏற்றச் சொல்லிப் பரிந்துரையும் வரும். மெட்டா ஒரு விளம்பரத் தொகுப்பிலிருந்து வாரத்துக்கு 50 வாங்குதல் அளவுக்கு எதிர்பார்க்கிறது. 84 பேரில் 50 பேர் சோஃபா வாங்கப் போவதில்லை, எனவே அந்த எச்சரிக்கை எப்போதும் இருக்கும். புது ஆட்களைத் தேடும் விளம்பரத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டும். யாருக்குக் காட்டுவது என்று நீங்களே முடிவு செய்துவிட்ட இடத்தில் அதற்கு வேலையில்லை.

அதைவிட ஆபத்தான ஒன்று Advantage+ audience என்ற வசதி. அது இயங்கினால் நீங்கள் கொடுக்கும் லிஸ்ட் வெறும் யோசனையாகிவிடும், மெட்டா அதைத் தாண்டி வெளி ஆட்களுக்கும் காட்டும். Frequency அழகாகக் குறைந்துவிடும், நாமும் சந்தோஷப்படுவோம், ஆனால் பணம் கார்ட்டைத் தொடாதவர்களிடம் போய்க்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். விளம்பரம் போய்ச் சேர்ந்த ஆட்களைக் காட்டும் Reach, 7 நாளுக்கு 600-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 5,000, 9,000 என்று போனால் லிஸ்ட் கசிகிறது.

இதுவரை சொன்னது சராசரிக் கணக்கு. சராசரி 3 என்றால் எல்லாருக்கும் 3 என்று ஆகாது. இரவெல்லாம் இன்ஸ்டாகிராமில் இருப்பவருக்கு 12 வரும், எப்போதாவது திறப்பவருக்கு ஒன்றுகூட வராது. கோபப்படுகிறவர் அந்த 12-காரர்தான். ஆளுக்கு ஆள் உச்சவரம்பு வேண்டுமானால் மெட்டாவில் அது Sales நோக்கத்தில் கிடைக்காது. Awareness நோக்கத்தில்தான் இத்தனை நாளில் இத்தனை தடவை என்று Frequency cap போட முடியும். முதல் குழுவை Sales-இலேயே விடுங்கள். கேட்லாகை இணைத்து, அவர் கார்ட்டில் விட்ட அதே பொருளைக் காட்ட அது வசதி. இரண்டாவது குழுவை Awareness-க்கு மாற்றி 7 நாளில் 3 என்று பூட்டுங்கள். ஒரு மாதம் கழிந்தவருக்கு அதே சோஃபாவை நீட்டிக்கொண்டிருப்பதைவிட ஷோரூமில் துணி மாதிரிகளைப் பார்க்க அழைப்பது மேல், அதற்கு கேட்லாக் தேவையில்லை.

கூகுளில் டிஸ்ப்ளே கேம்பெயினுக்கு உச்சவரம்பு நேரடியாகவே உண்டு. கேம்பெயின் அளவில் வாரத்துக்கு 5 என்று வையுங்கள், தினம் 3 வெள்ளி போதும். மெட்டா அடையாளம் காணாத பத்தில் நாலு பேரில் சிலரை இங்கே பிடிக்கலாம். கண்ணில் பட வாய்ப்புள்ள அளவுக்குத் திரையில் தெரிந்தால்தான் டிஸ்ப்ளேயில் ஒரு தடவை என்று எண்ணுவார்கள், அதனால் 5 என்பது நிஜமான 5-க்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் கூகுளுக்கு மெட்டாவில் காட்டியது தெரியாது. வாரம் 3-ம் 5-ம் சேர்ந்து ஒருவருக்கு 8 வரலாம், அதை மனதில் வைத்துத்தான் இந்த எண்களைக் குறைவாகச் சொல்கிறேன். பர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் கேம்பெயின் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதில் உச்சவரம்பே போட முடியாது, உங்கள் பழைய பார்வையாளர்களிடமும் அது போகும்.

அடுத்தது அந்த வாடிக்கையாளரின் கோபம். இதை Frequency தீர்க்காது. வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலும் வாங்கி முடித்தவருக்கு அது எரிச்சல்தான். என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். செவ்வாய் இரவு ஃபோனில் சோஃபாவைக் கார்ட்டில் போடுகிறார், AddToCart பதிவாகிறது. டெலிவரி பற்றி வாட்ஸ்அப்பில் கேட்கிறார். சனிக்கிழமை குடும்பத்தோடு சுங்கை காடுட் வந்து உட்கார்ந்து பார்த்து, அங்கேயே பேநவ் மூலம் பணம் கட்டிவிட்டுப் போகிறார். உங்கள் ஆர்டர் புத்தகத்தில் அது விற்பனை. இணையதளத்தில் Purchase என்ற நிகழ்வு நடக்கவே இல்லை. மெட்டாவைப் பொறுத்தவரை அவர் இன்னும் கார்ட்டை விட்டுப் போனவர்தான், 45 நாள் முடியும் வரை அப்படியே இருப்பார்.

ஃபர்னிச்சர் கடையில் ஷோரூமிலும் வாட்ஸ்அப்பிலும் முடிகிற விற்பனை அதிகம், அதனால் இந்த ஓட்டை பெரியது. இணையத்தில் வாங்கியவர்களைக் கழிக்க Purchase, 180 நாள் என்று ஒரு விலக்குப் பட்டியல் வைத்தால் போதும். நேரில் வாங்கியவர்களுக்கு வாரம் இரண்டு தடவை, திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொண்டு, பில்லிங் சிஸ்டத்திலிருந்து மின்னஞ்சல், தொலைபேசி எண் பட்டியலை எடுத்து வாடிக்கையாளர் பட்டியலாக ஏற்றி அதையும் விலக்குங்கள். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 65 சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி பொருந்தாது, பட்டியல் ஏற்றிய திருப்தி மட்டும்தான் மிஞ்சும். முன்பணம் மட்டும் கட்டியவர்களையும் சேருங்கள். பல கடைகளில் முழுத் தொகை வந்த பிறகுதான் பில் போடுகிறார்கள், அதுவரைக்கும் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படித் தகவலை ஏற்றுவது 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். விளம்பரத்திலிருந்து விலக்கத்தானே என்று நினைத்தாலும், வாடிக்கையாளர் தகவல் வெளி நிறுவனத்துக்குப் போகிறது. ஆர்டர் படிவத்திலும் இணையதளத் தனியுரிமைப் பக்கத்திலும் எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெளிவாக ஒரு வரி எழுதி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாவிக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது பிடிஓ வீடு வாங்குகிறவர் சாவி கிடைக்கும் முன்பே சோஃபா பார்க்க ஆரம்பித்துவிடுவார். சாவி வந்த பிறகும் ரினவேஷனுக்கு இரண்டு மூன்று மாதம் போகும். இவர் கார்ட்டை விட்டுப் போனது விலைக்காக அல்ல, பொருளை வைக்க இடமில்லை என்பதற்காக. 45 நாளில் இவரை விட்டுவிட்டால், வாங்கத் தயாராகும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். கார்ட் பக்கத்தில் "எப்போது டெலிவரி வேண்டும்?" என்று ஒரு கேள்வி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் என்று தேர்வு செய்தவர்களைத் தனி நிகழ்வாகப் பதிந்து, 180 நாள் பட்டியலில் போட்டு, மாதத்துக்கு 3 தடவை மட்டும் காட்டுங்கள். மெட்டாவில் இணையதளப் பட்டியல் அதிகபட்சம் 180 நாள்தான் தாங்கும். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது தள்ளுபடி அல்ல. "இப்போது பதிவு செய்யுங்கள், வீடு தயாரானதும் கொண்டுவருகிறோம், அதுவரை எங்கள் கிடங்கில் இருக்கும்" என்பது அவர்களுடைய நிஜமான கவலைக்குப் பதில். உங்களால் எத்தனை மாதம் வைத்திருக்க முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் முதல் வாரத்திலேயே 10 சதவீதம் குறைப்பதாகக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கார்ட்டில் போட்டுவிட்டு நாலு நாள் காத்திருந்தால் விலை குறையும் என்று வாடிக்கையாளர்களுக்கு நாமே கற்றுக்கொடுப்பதாகிவிடும். சோஃபா கார்ட்டில் நிற்பதற்கு வேறு காரணங்கள் உண்டு: லிஃப்ட்டில் ஏறுமா, பழைய சோஃபாவை எடுத்துச் செல்வார்களா, அந்தச் சாம்பல் நிறம் நேரில் எப்படி இருக்கும். சோஃபாவின் நீளத்தையும் கழற்றக்கூடிய பாகங்களையும் படத்திலேயே எழுதிக் காட்டும் ஒரு விளம்பரம், பழையதை அகற்றும் கட்டணத்தைச் சொல்லும் ஒன்று, துணி மாதிரியைக் கிட்டத்தில் காட்டும் ஒன்று. இந்த மூன்றும் போதும்.

இனி, இது பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெட்டா காட்டும் விற்பனை எண்ணை அப்படியே நம்ப முடியாது. விளம்பரத்தை அழுத்தி 7 நாளுக்குள் வாங்கியவரையும், பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் அது வழக்கமாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கார்ட்டில் போட்டவர்களில் ஒரு பகுதி எப்படியும் திரும்பி வருகிறவர்கள். அவர்களுக்கும் விளம்பரம் தெரிந்திருக்கும், பெயர் விளம்பரத்துக்குப் போகும். அதிகம் காட்டக் காட்ட இந்தப் பெயர் கூடும். 40 வெள்ளி பட்ஜெட் உங்களுக்கு இத்தனை நாள் நியாயமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் லாபக் கணக்கு. ஜிஎஸ்டி போக 1,200 வெள்ளிக்கு விற்கும் சோஃபாவில் அடக்க விலை 700, டெலிவரியும் பொருத்துவதும் 120, கார்டு கட்டணம் 40 என்றால் கையில் நிற்பது 340. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 300 வெள்ளி செலவுக்கு, விளம்பரம் இல்லாமல் நடந்திருக்காத ஒரு விற்பனை நடந்தால் போட்டது வந்துவிடும். 1,200 செலவுக்கு நாலு வேண்டும்.

அந்தக் கூடுதல் விற்பனையைப் பார்க்க, ஐந்தில் ஒருவருக்கு விளம்பரமே காட்டாமல் விட்டுப் பாருங்கள். கார்ட்டில் முதல் தடவை போடும்போது சர்வர் rt என்ற குக்கியை வைக்கட்டும், நூற்றில் எண்பது பேருக்கு show, இருபது பேருக்கு hold. சர்வரிலிருந்து வைக்கச் சொல்வதற்குக் காரணம், உலாவியில் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை ஐஃபோன் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். அப்புறம் கார்ட் பக்கத்தில் இது:

```js
const g = document.cookie.includes("rt=hold") ? "hold" : "show";
fbq("trackCustom", "Cart_" + g);
```

இனி AddToCart-க்குப் பதிலாக Cart_show நிகழ்விலிருந்து பட்டியலை உருவாக்குங்கள். கூகுளிலும் இதே பிரிவுதான் போக வேண்டும். ஒரு பக்கம் மறைத்து இன்னொரு பக்கம் காட்டினால் சோதனை வீண். ஆட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் மேலே சொன்ன பட்ஜெட்டையும் அதே அளவு குறைத்துக்கொள்ளலாம். ஆர்டரோடு rt மதிப்பையும் சேமியுங்கள். ஷோரூமில் வாங்கியவரை, கார்ட்டில் அவர் கொடுத்த தொலைபேசி எண்ணை வைத்துப் பொருத்தலாம்.

மூன்று மாதத்தில் 1,800 பேர் வருவார்கள்: 1,440 பேருக்கு விளம்பரம், 360 பேருக்கு இல்லை. உதாரணத்துக்கு, விளம்பரம் இல்லாத 360 பேரில் 36 பேர் தாமாகத் திரும்பி வந்து வாங்குகிறார்கள் என்று வைப்போம். அதே வீதத்தில் 1,440 பேரில் 144 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். உண்மையில் 210 பேர் வாங்கியிருந்தால் விளம்பரத்தால் வந்தது சுமார் 66, மெட்டாவின் திரையில் 120 என்று போட்டிருந்தாலும். 150 பேர் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. இவ்வளவு சின்ன எண்களில் 36 என்பது தற்செயலாகவே 30 ஆகவோ 42 ஆகவோ இருந்திருக்கலாம். அப்போது இன்னும் மூன்று மாதம் ஓட்டுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் எல்லாருமே வீட்டுச் சாமான் மாற்றுவார்கள், விளம்பர விலையும் ஏறலாம். இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஒப்பீடு கெடாது, ஆனால் அந்த மாத எண்ணை வைத்து அடுத்த மாத பட்ஜெட்டைப் போட வேண்டாம்.

ஆறு மாதம் கழித்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் 8 முதல் 45 நாள் குழுவை நிறுத்திவிட்டு, முதல் 7 நாளையும் சாவிக்காகக் காத்திருப்பவர்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் இரண்டாவது குழுவின் வரம்பை வாரம் 3-லிருந்து 4-க்கு ஏற்றிப் பார்க்கலாம். மிச்சமாகும் 900 வெள்ளியை இந்த 540 பேரிடம் திரும்பக் கொண்டுவராமல், ஷோரூமுக்குப் புது ஆட்களை வரவழைக்கும் விளம்பரத்துக்கு மாற்றுங்கள். கார்ட்டில் போடுகிறவர்கள் மாதம் 600-லிருந்து 800 ஆனால் மேலே உள்ள சூத்திரத்தில் ஆட்கள் எண்ணை மட்டும் மாற்றுங்கள், தடவையை ஏற்ற வேண்டாம்.